இல்லை, மாட்டேன், கூடாது

முத்துப்பேட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, வரன் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த வரன்களே!

கல்யாணத் தரகர் பையில் இருக்கும் பயோடேட்டா ஒன்றை மனக்கண்ணில் எடுத்துப் பாருங்கள். பெயர், படிப்பு, உயரம், சம்பளம், சொந்த வீடு, தென்னந்தோப்பு எத்தனை மா என்பது வரை வந்தபின் தாளின் அடியில் ஒரு வரி நிற்கும்: ‘சுத்த சைவம். எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. அதேபோல் நல்ல குடும்பத்துப் பெண் தேவை.’ எழுதியவர் பொல்லாதவர் அல்லர். தம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னதாகத்தான் நினைக்கிறார். ஆனால் கொடுவாய் மீனும் இறாலும் அன்றாடம் சமைக்கும் வீட்டில் அந்தத் தாள் போய்ச் சேரும்போது வேறு விதமாகப் படிக்கப்படுகிறது. அவர்கள் சுத்தம் என்றால் நாம் என்ன? மீன் சாப்பிடுவது கெட்ட பழக்கமா? நல்ல குடும்பம் என்பதில் நம் குடும்பம் சேராதா? மூன்று வாக்கியத்தில் மூன்று கதவு சாத்தப்பட்டுவிட்டது. சாத்தியவருக்கே அது தெரியாது. இந்த வரியை எப்படி எழுதினால் உண்மையும் நிற்கும், கதவும் திறந்திருக்கும் என்பதே இன்று என் பேச்சு.

இதற்கு வழி நம் மொழியிலேயே இருக்கிறது. மறுப்புச் சொல்ல நாம் அன்றாடம் மூன்று விதமாகப் பேசுகிறோம். ‘நான் மீன் சாப்பிடுவதில்லை’ என்பது ஒன்று. ‘நான் மீன் சாப்பிட மாட்டேன்’ என்பது இன்னொன்று. ‘மீன் சாப்பிடக் கூடாது’ என்பது வேறொன்று. முதலாவது வழக்கத்தைச் சொல்கிறது. நேற்றும் சாப்பிடவில்லை, நாளையும் அநேகமாகச் சாப்பிடப் போவதில்லை, அவ்வளவுதான். ‘மாட்டேன்’ என்பதில் ஒரு தீர்மானம் இருக்கிறது; எதிரில் யாரோ தட்டை நீட்டுகிறார், இவர் கையைத் தட்டுக்குக் குறுக்கே வைக்கிறார். ‘கூடாது’ என்பதிலோ ‘நான்’ என்ற ஆளே காணாமல் போய்விடுகிறார். அது எல்லாருக்கும் சேர்த்துப் போடும் சட்டம். நம் பயோடேட்டாக்களில் நடக்கும் தவறு என்னவென்றால், ‘இல்லை’ என்று சொல்லவேண்டிய சங்கதியைக் ‘கூடாது’ என்ற தொனியில் எழுதிவிடுகிறோம். ‘சுத்த’, ‘மட்டும்’, ‘கண்டிப்பாக’ ஆகிய சொற்கள் வந்து உட்கார்ந்தால் போதும், தன் பழக்கம் அடுத்தவர் மீது ஆணையாகிவிடுகிறது.

‘சைவம்’ என்ற சொல்லையே சற்று உற்றுப் பாருங்கள். அது ஒரு சமயத்தின் பெயர், உணவு முறையின் பெயர், பல இடங்களில் சாதிக்கு மறைவாக வைத்த பெயரும்கூட. ‘சைவக் குடும்பம்’ என்று வரன் விளம்பரத்தில் போட்டால் இலையில் என்ன விழும் என்பதை விட, யார் விண்ணப்பிக்கலாம் என்பதைத்தான் பலரும் அதில் படிக்கிறார்கள். 2014-ஆம் ஆண்டு மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறைய 98 விழுக்காட்டினர் அசைவம் சாப்பிடுபவர்கள் என்று காட்டியது. நூற்றுக்கு இரண்டு பேர் இருக்கும் ஒரு வழக்கத்தை ‘நல்ல குடும்பம்’ என்பதற்கு அளவுகோலாக வைத்தால் மற்ற தொண்ணூற்றெட்டுப் பேர் எங்கே போவது? இன்னொரு குறையும் உண்டு: அந்தச் சொல் தகவலும் தருவதில்லை. முட்டை சைவமா? கடையில் விற்கும் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி வேண்டுமானால் முட்டை சேர்க்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. ஆனால் முட்டைப்பொரியல் சாப்பிட்டுவிட்டுத் தன்னைச் சைவம் என்றே சொல்லிக்கொள்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பக்கத்தில் மன்னார்குடியில் மல்லிநாதர் ஆலயம் இருக்கிறதே, அந்தச் சமண மரபில் ஊறியவர்களுக்கு உணவில் மட்டுமல்ல, நேரத்திலும் கட்டுப்பாடு உண்டு; பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. இத்தனையையும் ‘சைவம்’ என்ற ஒரு சொல்லில் அடைத்து அனுப்பினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

உண்மையான சிக்கல் கொள்கையில் வருவதில்லை, தோசைக்கல்லில் வருகிறது. கல்யாணமாகி மூன்றாம் வாரம், காலையில் ஆம்லெட் போட்ட கல்லில் மாமியாருக்குத் தோசை வார்க்கலாமா? மீன் அரியும் அரிவாள்மனையில் கத்திரிக்காய் நறுக்கலாமா? துபாயிலும் சிங்கப்பூரிலும் நம் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஓர் அறையில் தங்கி ஒரே அடுப்பில் சமைக்கிறார்களே, அங்கேயும் சண்டை இந்தக் கல்லை வைத்துத்தான். ஆகவே எழுதவேண்டியது அடைமொழி அல்ல, செய்தி. ‘முட்டை உட்பட அசைவம் சாப்பிடுவதில்லை. வீட்டில் அசைவம் சமைக்கும் வழக்கம் இல்லை. வரப்போகிறவர் வெளியில் சாப்பிடுவதில் ஆட்சேபம் இல்லை.’ மூன்று வரி. முதல் வரி என்னைப் பற்றியது, இரண்டாவது அடுப்பைப் பற்றியது, மூன்றாவது உங்களைப் பற்றியது. எந்த எல்லை எங்கே முடிகிறது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. எல்லை முடியும் இடத்தைக் காட்டாத வேலிதான் மிரட்டும்.

வழிபாட்டுக்கும் இதே கணக்குதான். ‘மார்க்கப்பற்றுள்ள மணமகள் தேவை’ என்று எழுதுகிறோம். பற்றை எந்தப் படியில் அளப்பது? ஜாம்புவானோடை தர்காவில் கொடியேற்றம் என்றால் முன்னால் நிற்பவரும் பற்றுள்ளவர். தர்காவுக்கே போவதில்லை என்று இருப்பவரும் தம்மைப் பற்றுள்ளவர் என்றே சொல்வார். இரண்டு பேரும் ஒரே சொல்லை எழுதிவிட்டு, நிக்காஹ் முடிந்தபின் கந்தூரி நாளில்தான் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கிறார்கள். ‘ஐவேளை தொழுகை உண்டு, ரமலான் முழுக்க நோன்பு, தர்கா வழக்கம் இல்லை’ என்றோ ‘கந்தூரிக்குக் குடும்பத்தோடு போவோம்’ என்றோ எழுதினால் யாரையும் குறைத்துச் சொன்னதாகாது. ‘ஆன்மிக ஈடுபாடு உண்டு’ என்று எழுதும் இந்து வீட்டார், ‘புரட்டாசியிலும் சஷ்டியிலும் வீட்டில் அசைவம் இல்லை, கார்த்திகையில் மகன் மலைக்கு மாலை போடுவார்’ என்று எழுதலாம். கிறிஸ்தவ வீட்டார் ‘இரட்சிக்கப்பட்ட பெண் தேவை’ என்பதோடு நிறுத்தாமல், எந்தச் சபை, ஞாயிறு ஆராதனை எத்தனை மணி நேரம் என்று சொல்லலாம். நாளும் நேரமும் சொன்னால் அது வழக்கமாகத் தெரியும். பண்புப் பெயராகச் சொன்னால் தேர்வுத்தாளாகத் தெரியும்.

இதை நம் மண்ணில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். கொள்ளிடத்துக்கு வடக்கே வடலூரில் வள்ளலார் 1867-இல் சத்திய தருமச்சாலை தொடங்கினார். 1872-இல் சத்திய ஞானசபை எழுப்பினார். புலால் மறுப்பில் அவரைவிட உறுதியானவரைக் காண்பது அரிது. ஞானசபையின் வாயிலில் கொலையையும் புலாலையும் விட்டவர்களே உள்ளே வரலாம் என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் தருமச்சாலையில் சோறு போடும் இடத்தில் அந்தக் கேள்வி கிடையாது. பசித்தவர் யாராயிருந்தாலும் பந்தியில் உட்காரலாம். தாம் உண்பதில்லை என்பது அவர் வழக்கம். கூடாது என்பது ஒரே ஒரு வாசலுக்கு. பசிக்கு எந்த விதியும் இல்லை. விதி எங்கே இருக்கிறது என்று அந்த வாயில் பலகை சொல்லிவிடுகிறது, அதனாலேயே அது இல்லாத இடத்தில் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: ‘ஐயா, இதெல்லாம் பூசி மெழுகும் வேலை. எங்களுக்கு உண்மையிலேயே சைவம் சாப்பிடும் பெண்தான் வேண்டும். அதை ஏன் மென்று விழுங்கவேண்டும்?’ நியாயமான கேள்வி. மென்று விழுங்கச் சொல்லவில்லை. வேண்டுவது அதுதான் என்றால் ‘மணமகளும் சைவ உணவு உண்பவராக இருக்க விரும்புகிறோம்’ என்று நேராக எழுதுங்கள். வடலூர்ப் பலகையும் நேராகத்தான் பேசுகிறது. கூடாது என்பது ‘சுத்த’, ‘நல்ல குடும்பம்’ என்று வேஷம் போட்டு வருவதைத்தான் நான் எதிர்க்கிறேன். உங்கள் மனத்தில் இருப்பது உணவு அல்ல, சாதிதான் என்றால், அதற்குக் கீரையைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

இன்னொருவர், ‘எதையும் எழுதவே வேண்டாம், பழகினால் சரியாகிவிடும்’ என்பார். பழகவேண்டியது யார் என்று கேளுங்கள். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நாடு முழுவதிலும் மீனோ இறைச்சியோ எப்போதாவதேனும் சாப்பிடும் ஆண்கள் நூற்றுக்கு 83, பெண்கள் நூற்றுக்கு 71. இந்த இடைவெளிக்குப் பல காரணம் இருக்கலாம். ஆண் வெளியில் சாப்பிட்டுவிட்டு வரமுடியும், வீட்டு விதி வீட்டுக்குள் இருப்பவர் மேல்தான் விழும் என்பது அவற்றில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். நம் வழக்கத்தில் பெண்தான் வீடு மாறுகிறாள். மாப்பிள்ளை வீட்டார் ‘எங்களுக்குப் பழக்கமில்லை’ என்று மெதுவாகச் சொல்வது, அவள் சமையலறைக்குள் நுழைந்ததும் ‘உனக்குக் கூடாது’ என்று மாறிவிடுகிறது. அதனால் அடுப்பைப் பற்றிய அந்த இரண்டாவது வரியை மாப்பிள்ளை வீட்டார் விடவே கூடாது. பார்த்தீர்களா, நானும் ‘கூடாது’ போட்டுவிட்டேன். இந்த ஓர் இடத்தில் அது இருக்கட்டும்.

நம் பகுதி இஸ்லாமியர் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணிப் பந்தியோடு சைவச் சாப்பாடும் தனியாகப் போடுகிறார்கள். அழைக்கும்போதே ‘உங்களுக்குச் சைவம் இருக்கிறது, அவசியம் வந்துவிடுங்கள்’ என்கிறார்கள். அங்கே சைவம் என்ற சொல் ஆளை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே கூப்பிடுகிறது. அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு குரல் உண்டு.

தரகரிடம் கொடுத்து வைத்திருக்கும் தாளை நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். ‘சுத்த’ என்பதை அடித்துவிடுங்கள். முட்டை உண்டா இல்லையா என்று எழுதுங்கள். வீட்டில் மீன் ஏறுமா என்று எழுதுங்கள். வருகிறவர் சாப்பிடலாமா என்று எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.