கட்டைவிரல் சொல்வது என்ன?

(ஹைதராபாத் கிளை அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சென்ற வருஷம் நம் வாட்ஸ்அப் குழுவில், மாரேட்பள்ளியில் இருக்கும் ஒரு பெண், தன் தாயார் காலமான செய்தியைப் போட்டிருந்தாள். ஐந்தே நிமிஷத்தில் எழுபத்தெட்டு வயது மாமா ஒருவர் உயர்த்திய கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினார். "அம்மா போனதற்கு சபாஷா, மாமா?" என்று அவள் என்னிடம் கேட்டு அழுதாள். அவரிடம் விசாரித்தேன். "பார்த்துட்டேன்னு தெரிவிக்கத்தானே போட்டேன்? சாயங்காலமே ஆத்துக்குப் போய்த் துக்கம் விசாரிச்சுட்டும் வந்தேனே!" என்றார்.

அவருக்கு அந்த விரல், பதிவுத் தபாலுக்குக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிய ஒப்புகை அட்டை மாதிரி. இளையவர்களுக்கோ அது 'பேஷ்' என்ற பாராட்டு. நீளமாக எழுதிய விஷயத்துக்கு விரல் மட்டும் வந்தால், 'போதும், நிறுத்து' என்ற அலட்சியமாகவும் படுகிறது.

இந்தக் குழப்பம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உயர் அதிகாரி ஒருவர் கொலையுண்ட செய்திக்கு, ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் கட்டைவிரலைப் போட்டார். கொலையைக் கொண்டாடினார் என்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், அது செய்தியைப் பார்த்ததற்கான அடையாளமே என்று சொல்லி, அவரை மீண்டும் பணியில் சேர்க்கும் உத்தரவை உறுதி செய்தது. நம் மாமா சொன்ன அதே அர்த்தம்!

ஆனால் கனடாவில் கதை வேறு. ஒரு விவசாயி, ஆளிவிதை விற்பனை ஒப்பந்தத்தின் படத்துக்குக் கட்டைவிரலை அனுப்பினார். 'கிடைத்தது' என்றுதான் சொன்னேன் என்று வாதாடினார். 2023-இல் சஸ்காட்செவன் மாகாண நீதிமன்றம் அதைக் கையெழுத்தாகவே கொண்டு, சுமார் 82,000 கனடிய டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அவர் முன்பு 'சரி' என்று சுருக்கமாகப் பதில் போட்டே அதே நிறுவனத்துக்குத் தானியம் கொடுத்து வந்ததுதான் முக்கிய காரணம். ஆக, விரலுக்கென்று தனி அர்த்தமில்லை. எந்தச் செய்திக்கு, யாருக்குள் என்ன வழக்கம் என்பதே அர்த்தம்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் செய்தியை அழுத்திப் பிடித்தால் வரும் வரிசையில், கண்ணீரோடு ஒரு முகம் இருக்கும். அது விழுந்து விழுந்து சிரிக்கும் முகம். பெரியவர்கள் கண்ணீரை மட்டும் பார்த்துத் துக்கச் செய்திக்கு அதைப் போட்டுவிடுகிறார்கள். இளையவர்களோ, 'ஓ'வென்று அழும் முகத்தைச் சிரிப்புக்கு அனுப்புகிறார்கள்!

அதனால் ஒரு விண்ணப்பம். துக்கச் செய்திக்குப் படம் வேண்டாம், 'வருந்துகிறேன்' என்று எழுதுங்கள். சமாராதனைக்கு வருகிறீர்களா என்று கேட்டால், 'இரண்டு பேர்' என்று எண்ணிக்கையைப் போடுங்கள். சமையல்காரருக்கு விரலை எண்ணித் தளிகை பண்ணத் தெரியாது. இளையவர்களே, மாமாவின் விரலைக் கண்டு கோபம் வந்தால், முதலில் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள்.