மேனேஜருக்கு நாலு வரி மெயில்

ஸ்ரீரங்கத்துலேர்ந்து துவாக்குடிக்கு வேலைக்குப் போற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஐடியா சொன்னா மேனேஜர் 'பார்க்கலாம்'னு விட்டுடறார்ண்ணா."

அவர் யூனிட்ல பாய்லர் வேலைக்கான பிளேட் வெட்டுறாங்க. ஹீட் நம்பர் பிளேட்டோட ஒரு மூலையிலதான் இருக்கும். அந்த மூலை வெட்டுப்பட்டுப் போனா, மிச்சத் துண்டு எந்த டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடதுன்னு சொல்ல முடியாது. நல்ல பிளேட் ஸ்கிராப்புக்குப் போகும்.

நாங்க சேர்ந்து எழுதின மெயில் இது:

"சார், போன மாதம் பிளாஸ்மா மெஷினில் ஹீட் நம்பர் இல்லாத 5 மிச்சத் துண்டுகள், 340 கிலோ, ஸ்கிராப்புக்குப் போயின. வெட்டும் முன்பே மிச்சமாகும் பக்கத்தில் நம்பரை பஞ்ச் செய்து, க்யூசி பார்த்த பின் வெட்டலாம். பிளேட்டுக்கு 5 நிமிடம் கூடும். பஞ்ச் செட் நம்மிடமே இருக்கிறது. ஒரு மாதம் முயன்று பார்க்கலாமா?"

யார் மறந்தாங்கன்னு இதுல இல்லை. பேர் வந்தா பேச்சு ஆள் மேல திரும்பிடும். கூடுற 5 நிமிடத்தையும் மறைக்கலை; மறைச்சா ஷிஃப்ட் சூப்பர்வைசர் முதல் நாளே கேட்பார். கிலோ கணக்கு ஸ்கிராப் ரிஜிஸ்டர்ல எடுத்தது. மாதம் முடிஞ்சதும் அதே ரிஜிஸ்டரைப் பார்த்தா, பலன் இருக்கான்னு தெரிஞ்சுடும்.