கோட் பண்ணிப் பதில் எழுதும்போது, ஆளை விட்டுட்டுக் கருத்தைப் பிடிங்க

ஒருத்தரோட பதிவை எடுத்து, அதுக்கு மேல நம்ம கருத்தை எழுதிப் போடுறோமே, அந்த கோட் போஸ்ட் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். மறுத்து எழுதக் கூடாதுன்னு சொல்ல வரல. தப்பான தகவல்னா கட்டாயம் மறுக்கணும். அந்த மறுப்பு கருத்து மேல விழணும், எழுதின ஆள் மேல விழக் கூடாது. அதுக்கு நாம எழுதினதை எப்படித் திருத்துறதுங்கிறதை ஒரே ஒரு எடுத்துக்காட்டை வெச்சு, வரி வரியாப் பார்ப்போம்.

2020-ல அமெரிக்கத் தேர்தலுக்கு முன்னாடி ட்விட்டர் ஒரு மாற்றம் பண்ணிச்சு. ரீட்வீட் அழுத்தினா உடனே பகிரப்படாம, முதல்ல கருத்து எழுதுற பெட்டி திறக்கும். ஜனங்க கொஞ்சம் யோசிச்சு எழுதுவாங்கன்னு நினைச்சாங்க. டிசம்பர்லயே அதைக் கைவிட்டுட்டாங்க. கூடுதலா வந்த கோட் ட்வீட்ல 45 சதவீதம் ஒற்றைச் சொல்லோட முடிஞ்சதாவும், 70 சதவீதம் 25 எழுத்தைக்கூடத் தாண்டலன்னும் அந்த நிறுவனமே சொல்லிச்சு. பெட்டி திறந்தா மட்டும் யோசனை வந்துடாது. எழுதினதை நாமதான் உட்கார்ந்து திருத்தணும்.

சரி, எடுத்துக்காட்டுக்கு வருவோம். ஒருத்தர் இப்படி எழுதியிருக்காங்கன்னு வெச்சுக்கோங்க: "வெயில் இப்படிக் கொளுத்துது. மூணு மாசக் குழந்தைக்கும் தாகம் எடுக்காதா? எங்க அம்மா காலத்துல கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணியைச் சங்குல குடுப்பாங்க. நீங்களும் குடுங்க." இதைப் பார்த்ததும் நமக்குப் பதறுது. கை தானா எழுதுறது இப்படி இருக்கும்: "தண்ணி குடுக்கணுமாம்! தற்குறிங்க கையில போன் கிடைச்சா இப்படித்தான் உருட்டுவாங்க. இவங்க பேச்சைக் கேட்டுக் குழந்தையைக் கொன்னுடாதீங்க."

இந்த மறுப்பு யாருக்காக எழுதப்பட்டது? வீட்டுல மூணு மாசக் குழந்தையை வெச்சுக்கிட்டு, மாமியார் தண்ணி குடுக்கச் சொல்ல, குடுக்கலாமா வேண்டாமான்னு தவிக்கிற ஒரு பொண்ணு இதைப் படிக்கிறா. அவளுக்கு என்ன கிடைச்சது? ஏன் குடுக்கக் கூடாதுன்னு தெரியல. எத்தனை மாசம் வரைக்கும்னு தெரியல. தண்ணிக்குப் பதிலா என்ன செய்யணும்னும் தெரியல. மாமியாரைத் தற்குறின்னு சொல்லிட்டாங்கங்கிறது மட்டும்தான் தெரியும். அந்த வரியை அவ மாமியார்கிட்ட காட்ட முடியுமா?

முதல் வேலை, அந்தப் பதிவோட கருத்தை ஆளோட பேர் இல்லாம ஒரே வாக்கியத்துல எழுதிப் பார்க்கிறது. "தாய்ப்பால் குடிக்கிற சின்னக் குழந்தைக்கு வெயில் காலத்துல தண்ணீர் தேவை." இதுக்குள்ள ரெண்டு விஷயம் இருக்கு. வெயில்ல குழந்தைக்குத் தாகம் எடுக்கும்ங்கிறது ஒண்ணு, அது சரி. அந்தத் தாகத்துக்குத் தண்ணி குடுக்கணும்ங்கிறது இன்னொண்ணு, அதுதான் தப்பு. நாம மறுக்க வேண்டியது இந்த ரெண்டாவதை மட்டும்தான். சரியான பாதியைச் சரின்னு நாமளே முதல்ல சொல்லிட்டா, எழுதினவங்களோட அக்கறையை நாம சந்தேகப்படலன்னு படிக்கிறவங்களுக்குப் புரியும். இது வெறும் மரியாதைக்காகச் சொல்றது இல்லை, எந்த இடத்துல முரண்படுறோம்னு துல்லியமாக் காட்டுறதுக்காகச் சொல்றது.

அடுத்து, காரணம். உலக சுகாதார நிறுவனம் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம்னு பரிந்துரைக்குது. தாய்ப்பால்ல ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர்தான். குழந்தையோட வயிறு சின்னது, அது தண்ணியால நிறைஞ்சா பால் குடிக்கிறது குறையும். குழந்தை சரியாக் குடிக்கலன்னா அம்மாவுக்குச் சுரப்பும் குறையும். சிறுநீரகம் இன்னும் முதிராததால, அதிகமான தண்ணி ரத்தத்துல இருக்கிற சோடியத்தை நீர்த்துப் போக வெச்சு, வலிப்பு வரைக்கும் கொண்டுபோகலாம். தண்ணி சுத்தமில்லன்னா வயிற்றுப்போக்கு.

இவ்வளவையும் அடுக்கினா படிக்க ஆள் இருக்காது. எழுதினவங்க சொன்ன காரணத்துக்கு நேரா எது பதில் சொல்லுதோ அதை எடுங்க. அவங்க காரணம் தாகம். அதனால 87 சதவீதம் தண்ணீர்ங்கிறதுதான் முன்னால வரணும். வலிப்பை முன்னால வெச்சா பயம்தான் மிஞ்சும்.

அளவுலயும் கவனம் வேணும். "குழந்தையைக் கொன்னுடாதீங்க"ன்னு எழுதினோம் இல்லையா? ரெண்டு வாய் தண்ணி குடுத்து ஒண்ணும் ஆகாத குழந்தையைப் பார்த்த பாட்டிகள் ஊர் முழுக்க இருக்காங்க. அவங்க அனுபவம் பொய் இல்லை. நீங்க மிகைப்படுத்தின அந்த ஒரு வரியை அவங்க பொய்னு கண்டுபிடிச்சா, நீங்க சொன்ன உண்மையும் அதோட போயிடும். ஆபத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் சொல்லணும். "குறையலாம்"னு எழுத வேண்டிய இடத்துல "குறையும்"னுகூட எழுதாதீங்க.

இப்போ ஆளைத் தாக்குற இடங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பார்ப்போம். "தற்குறி"ங்கிற சொல்லை நீக்குறது சுலபம், அது கண்ணுக்குத் தெரியுது. தமிழ்ல ஆள் ஒளிஞ்சிருக்கிற இடங்கள் வேற. பேரே இல்லாம வினைச்சொல்லோட முடிவுல ஆள் உட்கார்ந்திருப்பார். "உருட்டுவாங்க", "உளர்றாங்க", "கிளம்பிட்டாங்க" இதெல்லாம் கருத்தைப் பத்தின வாக்கியமே இல்லை, ஆளைப் பத்தினது. அதனால ஒவ்வொரு வாக்கியத்தோட கடைசிச் சொல்லையும் பாருங்க. அதோட எழுவாய் தண்ணி, பால், குழந்தை, வயிறு இப்படி ஏதாவது இருக்கணும். எழுதினவங்க எழுவாயா வந்தா அந்த வாக்கியத்தைத் திருப்பி எழுதுங்க.

இன்னொரு இடம், "குடுக்கணுமாம்"ல இருக்கிற அந்த "ஆம்". சாதாரணமா அடுத்தவர் சொன்னதைச் சொல்றதுக்கு வர்றதுதான். ஆனா கோட் போஸ்ட்ல அது வந்தா முகத்தைச் சுளிச்சுக் காட்டுற மாதிரி ஆயிடுது. "தண்ணீர் கொடுக்க வேண்டும் என்கிறது இந்தப் பதிவு"ன்னு எழுதினா அந்தச் சுளிப்பு போயிடும், கருத்து நிக்கும். "இவங்க", "இந்த மாதிரி ஆளுங்க"ன்னு கூட்டமாக்குறதும் அப்படித்தான், ஒருத்தரோட ஒரு பதிவுக்கு ஒரு தலைமுறையையே இழுக்குறோம். பூமர், அங்கிள், ஆண்ட்டி எல்லாம் இதுல அடக்கம். "டாக்டர் அம்மா சொல்லிட்டாங்க"ன்னு பொய்யா மரியாதை குடுக்கிறதும், சிரிக்கிற பொம்மை போடுறதும், ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாம ஆளை அடிக்கிற வழிகள்.

திருத்தினது இப்படி வரும்:

"வெயிலில் குழந்தைக்குத் தாகம் எடுக்கும் என்ற கவலை சரி. ஆனால் 6 மாதம் வரை தண்ணீர் வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய்ப்பாலில் 87% தண்ணீர்தான். தண்ணீர் குடித்து வயிறு நிறைந்தால் பால் குறையும்; ரத்தத்தில் உப்பும் குறையலாம். வெயிலில் பாலை அடிக்கடி கொடுங்கள்."

எக்ஸ் தளத்தோட 280 எழுத்து வரம்புக்குள்ள இது அடங்கிடும். ஆனா நெருக்கித்தான் அடங்கும், ஏன்னா அங்க புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக் கணக்காகுது. "க்" ஒரு எழுத்து இல்லை, ரெண்டு. தமிழ்ல எழுதுறவங்களுக்கு இடம் உண்மையிலேயே குறைவு, அதுல திட்டுக்கு ஒரு வரி குடுத்தா "பாலை அடிக்கடி கொடுங்கள்" வெளிய போயிடும். படிக்கிற அம்மாவுக்கு அதிகம் தேவைப்படுறது அந்த வரிதான்.

விட்டுப் போனதை அடுத்த பதிவா கீழ சேர்க்கலாம். 24 மணி நேரத்துல ஆறு தடவையாவது சிறுநீர் கழிச்சா, பால் போதுமான அளவு கிடைக்குதுன்னு பொதுவா எடுத்துக்கலாம். டாக்டர் எழுதிக் குடுத்த மருந்தும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் இந்தத் தடைக்குள்ள வராது. பவுடர் பால் குடிக்கிற குழந்தைன்னா குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கணும். நம்ம கருத்து எங்க பொருந்தாதுன்னு நாமளே சொல்லிட்டா, கீழ வந்து சண்டை போடுறதுக்குப் பாதிக் காரணம் இல்லாமப் போயிடும்.

போடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை இருக்கு. கோட் பண்ணின பதிவைக் கையால மறைச்சுட்டு, உங்க வரிகளை மட்டும் படிங்க. என்ன பிரச்சினை, என்ன பதில்னு அதுலயே தெரியுதா? இது கற்பனைக்குச் சொல்றது இல்லை. எழுதினவங்க தன் பதிவை அழிச்சுட்டா உங்க வரி மட்டும்தான் மிஞ்சும். ப்ளூஸ்கையில 2024 ஆகஸ்ட்லேர்ந்து, தன் பதிவை இன்னொருத்தரோட கோட்லேர்ந்து கழற்றிவிடவே வசதி இருக்கு. நாம முதல்ல எழுதினதுல பதிவு போயிட்டா என்ன மிஞ்சும்? யாரையோ தற்குறின்னு திட்டினது. திருத்தினதுல குழந்தைக்குப் பால் போதும்ங்கிற தகவல் மிஞ்சும்.

கோட் பண்ணணுமாங்கிற கேள்வியும் இங்கதான் வருது. கோட் பண்ணினா உங்களைப் பின்தொடர்றவங்க எல்லாரையும் அந்த ஆளோட வாசலுக்குக் கூட்டிட்டுப் போறீங்க. இந்தக் காரணத்துக்காகவே மாஸ்டடான் தளத்தை உருவாக்கின யூஜென் ரோச்கோ பல வருஷம் அந்த வசதியையே வைக்காம இருந்தார். 2025-ல கொண்டு வந்தப்போகூட, தன் பதிவை யார் கோட் பண்ணலாம்னு எழுதினவரே முடிவு பண்ற மாதிரி வெச்சாங்க. நூறு பேர்கூடப் பின்தொடராத ஒரு பாட்டி எழுதினதுன்னா அவங்களுக்குக் கீழ பதில் எழுதினாலே போதும். இல்லன்னா அவங்க பதிவைத் தொடாம, தகவலை உங்க சொந்தப் பதிவாப் போடுங்க. லட்சம் பேர் பார்த்துப் பரவிட்ட பதிவுக்குத்தான் கோட் தேவை.

ஆளைப் பத்திப் பேசியே ஆகணும்ங்கிற சமயமும் உண்டு. குழந்தைக்குன்னு பாட்டில் தண்ணி விக்கிறவரே இந்தப் பதிவைப் போட்டிருந்தா, அந்த வியாபாரத் தொடர்பை மக்கள் தெரிஞ்சுக்கணும். அப்பவும் "காசுக்கு அலையிற ஆளு"ன்னு எழுதாம, "இந்தப் பதிவை எழுதியவர் இதே தண்ணீரை விற்கிறார்"ன்னு எழுதுங்க. முன்னது திட்டு. பின்னது சரிபார்க்கக்கூடிய தகவல்.

போட்ட பிறகு "நீ என்ன டாக்டரா?"ன்னு பதில் வரும். அப்போ மறுபடியும் ஆளுக்கு ஆள் இறங்கிடாதீங்க. "நான் டாக்டர் இல்லை. பரிந்துரை உலக சுகாதார நிறுவனத்தோடது, உங்க குழந்தை மருத்துவர்கிட்டயும் கேட்டுப் பாருங்க" இது போதும். உங்க பக்கத்து ஆளுங்க அந்தப் பதிவை எழுதினவங்களைத் திட்ட ஆரம்பிச்சா, உங்க பதிவுக்குக் கீழயே "அவங்களைத் திட்டாதீங்க, தகவலைப் பத்தி மட்டும் பேசுங்க"ன்னு உங்க பேர்ல எழுதுங்க. அதுக்கும் நிக்கலன்னா கோட்டை அழிச்சுட்டு, அதே வரிகளைத் தனிப் பதிவாப் போட்டுடுங்க. மறைச்சுப் பார்க்கிற சோதனையைத் தாண்டின வரிகள்ங்கிறதால, அதுல ஒரு சொல்கூட மாத்த வேண்டியிருக்காது.