ரெண்டாவது சந்திப்பு

நண்பர் தேடும் கூச்ச சுபாவக்காரர் கையில் பெரும்பாலும் டேல் கார்னகி 1936-இல் எழுதிய புத்தகம்தான் இருக்கும். சிரி, பேர் சொல்லிக் கூப்பிடு, அடுத்தவரைப் பேசவிடுங்கிறார். நல்ல யோசனைதான். ஆனா அது முதல் பத்து நிமிஷத்துக்கு! நம்மாளு தடுமாறுறது ரெண்டாவது சந்திப்புலய்யா! அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் சொன்ன கணக்கு: அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம். ஆபீஸ்ல சேர்ந்து வேலை பார்க்கிற நேரம் அதுக்கு அவ்வளவா உதவாதாம். நம்ம கடற்கரைச் சாலையில ஒருத்தரோட வாரம் ரெண்டு சாயங்காலம், மணிக்கணக்குக்கு ஒண்ணொண்ணா நடந்தாலும் ஆறு மாசம் ஆகும். நம்மாளு மூணாவது வாரமே, 'நமக்கு ராசியில்லை'ன்னு வீட்டுல உக்காந்துடுறாரு! பிரியும்போதே, "வியாழக்கிழமை ஆறு மணிக்கு, இதே காந்தி சிலைகிட்ட"ன்னு சொல்லிடுங்க சார்.