வட்டி இல்லாத தவணைக்குள் இருக்கும் கட்டணம்

(வவுனியாவில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய நம் பெற்றோருக்குக் கடன் என்றால் கடைக் கொப்பிதான். இன்று நம் பிள்ளைகள் கடனட்டையோடு வீட்டுக்குப் பொருள் வாங்குகிறார்கள். “வட்டியில்லை, 12 மாதத் தவணை” என்று கடையில் எழுதியிருக்கிறது. அதை ஒரு கணக்காகப் பார்ப்போம்.

120,000 ரூபா விலையுள்ள குளிர்சாதனப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வங்கி கடைக்காரருக்குத் தன் தரகைக் கழித்துக்கொண்டு முழுப்பணத்தையும் உடனே கொடுத்துவிடும். நாம் வங்கிக்கு மாதம் 10,000 கட்டுகிறோம். அந்தத் தரகைக் கடைக்காரர் பெரும்பாலும் விலையிலேயே ஏற்றிவிடுவார். ஆகவே முதலில், “கைக்காசுக்கு எவ்வளவு?” என்று கேட்க வேண்டும். 114,000 என்றால், 6,000 ரூபா அங்கேயே போய்விட்டது.

இரண்டாவது, வங்கியின் கட்டணம். வட்டி பூச்சியம் என்று சொன்னாலும் சில திட்டங்களில் தவணையாக மாற்றுவதற்கு ஒருமுறைக் கட்டணம் உண்டு. அது 8 வீதம் என்று வைத்தால் 9,600 ரூபா. இது 8 வீத வட்டி அல்ல. கடன் மாதாமாதம் குறைகிறது. ஆறு தவணை கட்டியபின் மிச்சம் 60,000தான். ஆனால் கட்டணம் முழு 120,000க்கும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆண்டு முழுவதும் சராசரியாக நம் கையில் இருந்த கடன் 65,000. அதற்கு 9,600 என்றால் ஏறக்குறைய 15 வீதம். இரண்டும் சேர்ந்து கைக்காசு விலையைவிட 15,600 ரூபா கூடுதல். ஒன்றரைத் தவணைப் பணம்!

மூன்றாவது, கடை இயந்திரம். காசாளர் அதில் தவணை என்பதைத் தெரிவு செய்யாமல் அட்டையைப் போட்டால், அது சாதாரண விற்பனையாகப் பதிவாகும். முழு 120,000மும் அடுத்த பில்லில் வரும். பற்றுச்சீட்டில் மாத எண்ணிக்கை அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். சில வங்கிகளில் வாங்கியபின் நாமே அழைத்து மாற்றச் சொல்ல வேண்டும். அதற்குக் கடைசித் திகதி உண்டு.

பில் வந்தபின் “குறைந்தபட்சத் தொகை” மட்டும் கட்டினால், கட்டாமல் விட்ட மீதிக்குக் கடனட்டையின் வழமையான வட்டி ஏறும். பூச்சிய வட்டி அங்கே முடிந்துவிடும்.

அட்டைக்கென்று தனியாக 3 வீதம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அப்படி வாங்குவது கடைக்கும் வங்கிக்கும் உள்ள ஒப்பந்தத்துக்கு முரண் என்று இலங்கை மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. பற்றுச்சீட்டோடு வங்கியிடம் முறையிடலாம்.

ஆகவே கையொப்பமிட முன் மூன்று கேள்வி கேட்போம்: கைக்காசு விலை என்ன? மாற்றும் கட்டணம் எவ்வளவு? எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவோம்? மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் அந்தக் கடனின் உண்மையான விலை.