எடை மேடைக்கு முன் ஒரு பேச்சு

டயாலிசிஸுக்கு வருகிறவர் வாரம் இரண்டு மூன்று முறை, நாலு மணி நேரம் படுக்க வேண்டும். வந்ததும் எடை பார்ப்பார்கள். போன முறை முடிந்து கிளம்பியபோது இருந்ததைவிட மூன்று கிலோ கூடியிருந்தால், உடம்பில் ஏறக்குறைய மூன்று லிட்டர் நீர் சேர்ந்திருக்கிறது. "இவ்வளவு தண்ணி ஏன் குடிச்சீங்க?" என்று வரவேற்றால், அடுத்த முறை கால் பிடித்து இழுத்ததையும் தலை சுற்றியதையும் சேர்த்தே மறைப்பார். அவசரமாக நீரை இழுத்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அதற்கு ஒரு முன்னறிவிப்பு அவர் சொல்லும் வார்த்தை.

"வாங்க ஐயா, போன தடவை ஊசி எடுத்த இடம் வலிச்சுதா? வீட்டுக்குப் போனதும் அசதியா இருந்துதா?" என்று கேளுங்கள். எடையை அப்புறம் பாருங்கள். பல வாரம் இப்படிப் பழகியவர், "நேத்து கல்யாண வீட்டுல ரெண்டு டம்ளர் மோர் குடிச்சுட்டேன்" என்று தாமே சொல்வார். செவிலியர்களே, அப்போது திட்டாதீர்கள்.