எழுத்தைச் சுற்றி ஒளி

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி கசிகிறதா? கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' பவர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஆஸ்டிக்மாட்டிசம். விழியின் முன்படலம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளையாததால், ஒளி ஒரே புள்ளியில் குவிவதில்லை. இருண்ட திரையைப் பார்க்கையில் கண்மணி விரியும், மங்கலும் கூடும். எழுத்தின் ஒளி பக்கத்துக் கருமைக்குள் படர்ந்து, 'ண', 'ன' சுழிகள் ஒட்டிக்கொள்ளும்.

வெளிர் திரையில் கண்மணி சுருங்குவதால் எழுத்து கூர்மையாகிறது. நெடுநேர வாசிப்புக்கு லைட் தீம்தான் நல்லது. டார்க் தீம் வேண்டுமென்றால், அடர் சாம்பல் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தை வையுங்கள்; எழுத்தளவைக் கூட்டுங்கள். அறை விளக்கையும் அணைக்காதீர்கள். கண்ணாடி போட்டும் ஒளி கசிந்தால், பவரைச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.